டொலுவீன் இல்லை

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குச் செல்லதுரை தேர்ந்தெடுத்தது பென்சோகைன். தடவிய இடம் மரத்துப்போகும் வெள்ளைப் பொடி. வெளியூர்த் தேர்வாளர் வருவதற்குள் அதைச் செய்து காட்டாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் ஃபீஸ் கட்ட அவன் அப்பாவால் ஆகாது.

வழியை அவன் வால் பக்கமிருந்து பிடித்தான். பென்சோகைன் ஒரு எஸ்டர்; அதை வெட்டினால் ஒரு பக்கம் எத்தனால், மறுபக்கம் அமினோ அமிலம். அமினோவுக்கு முன்னால் அது நைட்ரோ. அமிலத்துக்கு முன்னால் மெத்தில். நைட்ரோவையும் கழற்றினால் மிச்சம் டொலுவீன். பழுதில்லாத வழி. அது போய் முட்டிய இடம் கல்லூரி ஸ்டோர்.

ஸ்டோர்கீப்பர் கல்யாணம் ஸ்டோரின் ஒரே நாற்காலியில் இருந்தார்.

"அப்பா சௌக்கியமா? எங்க நாலு மாவுல குறுவை போட்டாச்சா?"

கல்யாணம் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் அந்த நாலு மா நிலத்தின் மேல் குத்தகைக் கேஸ் பன்னிரண்டு வருஷம் நடந்து, போன வருஷம்தான் செல்லதுரையின் அப்பா பக்கம் தீர்ப்பாகியிருந்தது.

"போட்டாச்சு சார்."

"நல்லா விளையட்டும். டொலுவீன் இல்லப்பா."

மேல்தட்டில் ஒரு பழுப்பு பாட்டில், லேபிளைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"அது சார்?"

"காலி."

செல்லதுரை இன்னும் ஒரு படி பின்னால் போனான். டொலுவீனையே செய்துகொள்ளலாம்; பென்சீனில் மெத்திலை ஒட்டவைக்க அலுமினியம் குளோரைடு வேண்டும். கல்யாணம் உடனே எடுத்துக் கொடுத்தார். ஏதோ ஒரு ஐப்பசியின் ஈரத்தைக் குடித்து அது என்றைக்கோ வீரியம் செத்திருந்தது.

"வெளியில வாங்கிக்கிறேன் சார்."

"ஸ்டாக் புக்ல ஏறாத பாட்டில் லேபுக்குள்ள போகக்கூடாதேப்பா. ரூல்."

துறைத்தலைவர் அமிர்தலிங்கத்திடம் போனான்.

"பென்சாயிக் ஆசிட் கிலோ கணக்குல கெடக்கு. அதுலேர்ந்து ஆரம்பி."

"சார், ஆசிட் இருக்கிற வளையத்துல நைட்ரோ போட்டா நேர் எதிர்மூலைக்கு, பாராவுக்கு, வராது. ஒரு மூலை தள்ளி மெட்டாவுக்குப் போயிடும். பென்சோகைனே வராது."

"எனக்குத் தெரியாதாய்யா? வெறுங்கையோட நின்னா சைபர். எதையாவது காட்டினா நாலு மார்க்காவது விழும்."

ஆக, தப்பான இடத்துக்குத்தான் போகும் என்று தெரிந்தே செல்லதுரை மூன்று படிகளையும் ஒழுங்காகச் செய்தான். நைட்ரோ சொன்னபடி மெட்டாவுக்குப் போனது. தகரமும் அமிலமும் போட்டு அதை அமினோவாக்கினான். எத்தனாலோடு கொதிக்கவைத்து எஸ்டராக்கினான். ஐஸில் மூன்று மணி நேரம் வைத்தும் அது கட்டியாகவில்லை. எண்ணெயாகவே கிடந்தது.

தேர்வாளர் குழாயைத் தூக்கிப் பார்த்தார். "மெல்ட்டிங் பாயிண்ட் என்ன தம்பி? தொண்ணூறுக்குப் பக்கத்துல வரணுமே?"

"உருகறதுக்கு ஒண்ணுமில்லீங்க சார். முன்னாடியே இப்படித்தான் இருக்கு."

தேர்வாளர் சிரித்தார். மார்க் போடும்போது சிரிக்கவில்லை.

குழாய்களைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்குப் போனான்.

"என்னப்பா, வரலியாமே? டொலுவீன் மட்டும் இருந்திருந்தா..." கல்யாணம் நிஜமாகவே வருத்தப்படுவது போலிருந்தது. நிஜமாகவே வருத்தப்பட்டும் இருக்கலாம்.

பாட்டில் அதே இடத்தில் சுவரைப் பார்த்து நின்றது. எட்டித் திருப்ப வேண்டுமென்றால் நாற்காலி வேண்டும். அதில் கல்யாணம் உட்கார்ந்திருந்தார்.

"வரேன் சார்" என்றான் செல்லதுரை.