நாலாகப் பிரித்த ஒரு வரி

கப்பலூர் தொழிற்பேட்டையில் வண்டிக்கான இரும்பு புஷ், அதாவது சின்ன உருளை வளையம், கடைகிற அந்தக் கம்பெனியில் பொம்பளைகள் ரெண்டே பேர். தரப் பிரிவு இன்ஜினியர் பாண்டிமீனா ஒருத்தி. அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற செல்லக்கிளி இன்னொருத்தி. பாண்டிமீனாவுக்கு ஊர் தூரம், அவனியாபுரத்தில் ஒற்றை அறை. ஒரு நாளில் அவளிடம் வேலை தவிர்த்து வேறு பேச்சுப் பேசுகிற ஒரே ஆள் செல்லக்கிளிதான். மதியம் பேக்கிங் அட்டைகளை விரித்து ரெண்டு பேரும் உட்காருவார்கள்.

கம்பெனிக்குத் தரச் சான்று வேண்டும். வெளியாள் தணிக்கைக்கு வருமுன் உள்ளேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார் மேனேஜர் ஸ்ரீராம்குமார். அதற்கு ஒரு செக்லிஸ்ட் போடும் வேலை பாண்டிமீனா தலையில் விழுந்தது.

புத்தகம் ஒன்று என்றால் பரவாயில்லை, ரெண்டு. பொதுவான தர விதிகள் ஒன்றில். வண்டித் தொழிலுக்கென்று கூடுதல் விதிகள் மற்றதில். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இதற்கு முன் காசு வாங்கிக்கொண்டு ஒரு ஆலோசகர் போட்டுக் கொடுத்த லிஸ்ட் பீரோவில் கிடந்தது. தலைப்பைக் காப்பியடித்துக் கடைசியில் கேள்விக்குறி போட்டிருந்தான் மனுசன். ‘கருவிகள் சரிபார்க்கப்படுகின்றனவா?’ என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? டிக் அடித்துவிட்டுப் போய்விடுவான்.

பாண்டிமீனா அப்படிச் செய்யவில்லை. ‘செய்தே ஆக வேண்டும்’ என்று புத்தகம் சொல்கிற ஒவ்வொன்றையும் தனி வரியாக்கினாள். ‘செய்தால் நல்லது’ என்பதையும் விளக்கக் குறிப்பையும் ஒதுக்கினாள். பக்கத்திலேயே, எதைப் பார்த்து நம்புவது, யாரிடம் கேட்பது என்று எழுதினாள். கருவிச் சரிபார்ப்பு நாலு வரியாகப் பிரிந்தது. குறித்த காலத்தில் சரிபார்த்தார்களா, கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் குறி உண்டா, கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறார்களா, இது மூன்று. நாலாவதில்தான் வில்லங்கம். கருவி தப்பு என்று தெரிந்தால், அதுவரை அதில் அளந்த சரக்கைத் திரும்பப் பார்த்தார்களா?

பார்க்கவில்லை. அது பாண்டிமீனாவுக்குத் தெரியும். செல்லக்கிளியே சாப்பிடும்போது சொன்னதுதான். புஷ்ஷின் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் ஒன்று சரிபார்ப்புக்கு லேபுக்குப் போய், அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று திரும்பி வந்தது. புதுசு வாங்கினார்கள். பழைய சரக்கை யாரும் தொடவில்லை.

“அந்த நாலாவதை எடுத்துரு புள்ள,” என்றாள் செல்லக்கிளி, லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு.

“எப்படிக்கா எடுக்க? புத்தகத்துல இருக்கே.”

“புத்தகத்துல எம்புட்டோ இருக்கும். கருவி பொறுப்பு யாரு? நான். மேனேஜரா வந்து பழி சொமப்பாரு? காண்ட்ராக்ட்டுல இருக்கேன், தெரியும்ல?”

“நாமளா கண்டுபிடிச்சா நாமளே சரி பண்ணிக்கலாம்க்கா. தணிக்கைக்கு வர்றவன் பிடிச்சா…”

“அவன் பிடிக்கவே மாட்டான். உன் லிஸ்ட் கையில இருந்தாத்தான பிடிப்பான்!”

மேனேஜரும் அதையேதான் வேறு மாதிரிச் சொன்னார். “நாம உள்ள பார்த்த பேப்பரையும் அவங்க கேப்பாங்கம்மா. நாலையும் ஒண்ணாக்கிரு. லிஸ்ட்டும் சின்னதாகும்.”

ஒண்ணாக்குவது சுலபம். மூன்று வரியை அழித்தால் போதும். அறைக்குப் போயும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரியை அழித்தும் பார்த்தாள். அந்த புஷ் ஏதோ ஒரு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறது. ஓட்டுகிறவனுக்கு இவளையும் தெரியாது, செல்லக்கிளியையும் தெரியாது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். மேனேஜருக்கு நாலு வரியோடே அனுப்பினாள். கூடவே, அந்தக் கருவியை மாற்றியபோது பழைய சரக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் நடைமுறையே கம்பெனியில் இல்லை, தப்பு நடைமுறையின் மேல், ஆளின் மேல் இல்லை என்றும் எழுதினாள். மேனேஜர் பதில் போடவில்லை. மாற்றவும் சொல்லவில்லை. அவ்வளவுதான் அந்த மனுசன்.

தன் வேலையைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பதால் தரப் பிரிவைப் பார்க்க, சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து பாண்டிராஜ் லிஸ்ட்டோடு வந்தான். அவன் வரி வரியாகக் கேட்டான், நாலாவதையும் கேட்டான்.

“இல்ல,” என்றாள் செல்லக்கிளி. பாண்டிராஜைப் பார்க்கவில்லை, பாண்டிமீனாவைப் பார்த்தாள்.

பழைய கருவியில் அளந்து அனுப்பிய சரக்கில், ஒவ்வொரு லாட்டிலும் எடுத்துவைத்திருந்த மாதிரிப் பீஸ்களைப் புது மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னார்கள். மதியம் ஆனது. பேக்கிங் அட்டை பக்கம் செல்லக்கிளி வரவில்லை. பாண்டிமீனா எழுந்து அவளிடம் போனாள்.

“நானும் அளக்குறேன்க்கா. பாதியக் குடுங்க.”

செல்லக்கிளி பீஸைத் துடைத்தாள், அளந்தாள், எழுதினாள். ஒரு லாட்டில் நாலைந்து பீஸ் அளவுக்கு மேலே. அவற்றைச் சிவப்புத் தட்டில் தனியாக வைத்தாள்.

“இந்த லாட் கஸ்டமர்ட்ட போயிருச்சு. தகவல் சொல்லணும்,” என்றாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டினாள்.

“சரி பாத்துக்கங்க, மேடம்.”