பதினொன்று நாற்பது வரை

பட்டன் கடைக்காரரின் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படாது.' அதை எழுதி மாட்டியவர் அவர்தான். இருபது வருஷமாக ஒரு பட்டனைக்கூட அவர் திரும்ப வாங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை அவளுக்குப் பட்டமளிப்பு விழா.

"அப்பா, டிக்கெட் பாத்தேன். வெள்ளிக்கிழமை பன்னெண்டு இருபதுன்னு போட்டிருக்கு. அது வியாழன் ராத்திரி பன்னெண்டு தாண்டிக் கிளம்புற பிளைட்டு! வெள்ளி ராத்திரி நீங்க ஏர்போர்ட்டுக்குப் போனா, அது போயி ஒரு நாள் ஆகியிருக்கும்."

கடைக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியைப் பார்த்தார். அன்று ஒரு நாள் பள்ளி விடுமுறையாதலால் கடையில் உட்கார்ந்து நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தார் ஆசிரியையான அந்த அம்மாள். அடுத்த வாரம் வெள்ளி மாலை ஐந்து வரை அவருக்குப் பரீட்சை மேற்பார்வை. வியாழன் ராத்திரி கிளம்பவே முடியாது.

"நேத்து வாங்குறப்பவே கேட்டேன், நல்லா பாத்தீங்களான்னு. 'நான் பாக்காத கணக்கா'ன்னீங்க."

"ராத்திரின்னா வெள்ளிக்கிழமை ராத்திரின்னுதானே நெனைப்போம்? பன்னெண்டு மணிக்கு நாள் மாறுறதெல்லாம் பஞ்சாங்கத்துலயா பாத்துக்கிட்டிருப்பேன்?" சொல்லும்போதே குரல் இறங்கியது. "போனது போனதுதான். இனிமே எவன் திரும்ப வாங்குவான்?"

அவர் பார்வை தன்னிச்சையாகப் பலகைக்குப் போனது.

"வாங்கி இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா முழுசும் தருவாங்கப்பா. மெயில்லயே இருக்கும், பாருங்க" என்றாள் மகள்.

மெயிலைத் திறந்தார்கள். டிக்கெட் கொடுத்த நேரம், நேற்றுக் காலை பதினொன்று நாற்பது. இப்போது பதினொன்று பதினெட்டு. விமானக் கம்பெனியிலேயே நேராக வாங்கியது. பயணத்துக்கு ஏழு நாளுக்கு மேல் இருந்தால்தான் செல்லும் என்று நிபந்தனை. பத்து நாள் இருக்கிறது.

மகளை லைனில் வைத்துக்கொண்டே, கடைக்காரர் மனைவியின் போனிலிருந்து கம்பெனிக்குப் போட்டார். எடுத்த பெண்ணிடம் பேசத் தொடங்கியதும் பேரம் பேசும் பழக்கம் தலைதூக்கியது.

"இங்க பாரும்மா, தேதி தப்பாயிடுச்சு. நூத்துக்கு எண்பது குடுத்தா போதும், முடிச்சுக்கலாம்."

"சார், முழுசுமே உங்களுக்கு வரும்."

"அப்போ எழுவத்தஞ்சு?"

"சார், நீங்க குறைச்சுக்கிட்டே போறீங்க."

"முழுசும் தர்றேங்கிறியே, அதுலதான் எனக்குச் சந்தேகம்!"

அம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டார். "மேடம், இவர் வாயத் தொறந்தா நேரம் போயிடும். நீங்க சொல்லுங்க."

பெண் நிதானமாகச் சொன்னாள். கம்பெனி ஆப்பில் 'தேதி மாற்று' என்பதைத் தொட வேண்டாம். அதில் விலை வித்தியாசம் கேட்கும். முதலில் சனிக்கிழமை பன்னெண்டு இருபது, அதாவது வெள்ளி நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட வேண்டும். கையில் புது டிக்கெட் வந்த பிறகு பழையதை ரத்து செய்ய வேண்டும்.

இரண்டே இடம் காட்டியது. கடைக்காரரின் கார்டில் வரம்பு முடிந்திருந்தது. அம்மாள் தன் கார்டை நீட்டினார். சனிக்கிழமை என்று வாய்விட்டு மூன்று தடவை சொல்லி, மகளிடம் படித்துக்காட்டி, வாங்கியபோது பதினொன்று முப்பத்தொன்று.

"இப்ப பழையத ரத்து பண்ணுங்க" என்றாள் பெண். "பணம் எப்படி வேணும்னு கேக்கும். அடுத்த டிக்கெட்டுக்குன்னு கம்பெனி வாலட்ல போடவான்னு முதல்ல காட்டும், அது வேணாம். 'பணம் கட்டின கார்டுக்கே'ங்கறத அமுக்குங்க."

"பாத்தியா, முதல்ல காட்டுறது அவன் சரக்கு!" என்று கடைக்காரர் உற்சாகமானார். "நானும் அப்படித்தான் பழைய ஸ்டாக்க முன்னால வைப்பேன்."

"அமுக்குங்க முதல்ல!" என்றார் அம்மாள்.

அமுக்கினார். சக்கரம் சுற்றியது. அவர் மூச்சு அதோடு சேர்ந்து சுற்றியது. பதினொன்று முப்பத்தாறுக்கு மெயில் வந்தது: ரத்தாகிவிட்டது, முழுத் தொகையும் திரும்பும், கார்டில் வர ஏழு வேலைநாள் ஆகலாம்.

நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"சார், புது டிக்கெட்டுக்கும் வாங்கின நேரத்துலேர்ந்து இருபத்துநாலு மணி நேரம் இருக்கு" என்றாள் பெண். "பேரு, தேதி ரெண்டும் இன்னைக்கே பாத்துடுங்க."

"பாத்துட்டோம், தாயே. நீ நல்லா இருக்கணும்."

மகள் மறுமுனையில் சிரித்தாள். "அப்பா, எழுவத்தஞ்சுக்கு அவங்க ஒத்துக்கிட்டிருந்தா?"

"எழுவதுக்கு இறங்கியிருப்பார்" என்றார் அம்மாள்.

அப்போது தையல்காரம்மா ஒருத்தி வாசலில் தயங்கி நின்றாள். கையில் நேற்று வாங்கிய பட்டன் பொட்டலம். "அண்ணே, சைஸ் தப்பாயிடுச்சு..."

கடைக்காரர் பலகையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவர் நூல்கண்டிலிருந்து தலை தூக்கவே இல்லை.

"நேத்து எத்தன மணிக்கு வாங்கினே?"

"மத்தியானம் ரெண்டு மணி இருக்கும்ணே."

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று கையை நீட்டினார் கடைக்காரர்.