லேமினேஷன் போட்ட கடிதம்

பாமா எழுதிய கடிதத்தை ஜானகி லேமினேஷன் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

ஸ்ரீராம்புரத்து அந்தச் சந்துக்குள் பாமா நுழைந்ததே அவளை நாலு வார்த்தை திட்டத்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் முன்பே கண்டுபிடிக்கச் சோதனை செய்யும் அறக்கட்டளை கிளினிக்கில் பாமா ஒருங்கிணைப்பாளர். ஜானகியின் சோதனையில் செல்களில் கடுமையான மாற்றம் தெரிந்தது. அடுத்த பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் போய் இரண்டு மாதமாகியும் ஆள் வரவில்லை. சுவரில் தன் கடிதத்தைப் பார்த்ததும் திட்ட வந்ததையே மறந்தாள்.

"வாங்க மேடம், உக்காருங்க. ஃப்ரேமே போட்டிருப்பேன், கடைக்காரன் வெலய ஆகாசத்துக்குக் கேட்டான்."

"இத எதுக்கும்மா மாட்டினீங்க?"

"பின்ன? தெரு கூட்டுற எங்க செட்டு மொத்தமும் டெஸ்ட் குடுத்தோம். மத்தவளுங்களுக்கெல்லாம் போன்ல மெசேஜ். எனக்கு மட்டும் சீல் வெச்ச லெட்டர்! 'பயப்பட ஒன்றுமில்லை'ன்னு மொத வரியிலயே போட்டிருக்கீங்க. அவளுங்களுக்கு ஒரே வயித்தெரிச்சல்."

மெசேஜ் போனது, சோதனை முடிவு சரியாக இருந்தவர்களுக்கு.

கடிதம் முன்பு அப்படி இல்லை. 'புற்றுநோய்ப் பரிசோதனையில் அசாதாரணம்' என்றுதான் தொடங்கும். பீன்யாவில் வேலை செய்யும் ஒரு பெண் அதைப் படித்துவிட்டுச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். கடைசியில் அவளுக்குச் சிறு மாற்றம்தான், தானே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு பாமா கடிதத்தை மாற்றினாள். சிக்பேட்டையில் புடவைக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவள். புடவையை விரித்து, முந்தானையைக் காட்டி, காபி வரவழைத்து, விலையைக் கடைசியில் சொல்லும் வித்தை கைவந்தது. ஆறுதல் முதல் வரியில். மறுபரிசோதனை மூன்றாவது பத்தியில், 'வசதிப்படும்போது' என்ற சொல்லோடு. டாக்டர் ரூபினி வேலை அவசரத்தில் கையெழுத்திட்டாள். அதைப் படித்து இரண்டு பேர் அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்கள். பாமாவும் மறுக்கவில்லை.

"கிளினிக்லேர்ந்து போன் பண்ணினாங்களே, நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"லெட்டர் வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சு, ரொம்ப தேங்க்ஸ்னேன். வெச்சிட்டாங்க." டீயை நீட்டியவள் குரலைத் தணித்தாள். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. மாசாமாசம் வர்றது நின்னு எத்தனையோ வருசம் ஆச்சு. இப்ப கொஞ்சம் ரத்தம் படுது. உடம்புச் சூடுதான?"

"எப்பலேர்ந்து?"

"லெட்டர் வந்து கொஞ்ச நாள்ல. பயந்துட்டேன். அப்புறம் அதப் பாத்தேன், ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கே, விட்டுட்டேன்."

டீ டம்ளர் பாமாவின் கையில் சுட்டது. அவள் கீழே வைக்கவில்லை.

"ஜானகிம்மா, அது நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன்."

ஜானகி சுவரையும் பாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கேன்சரா?"

"தெரியாது. இந்த மாதிரி ரிசல்ட் வந்த முக்கால்வாசிப் பேருக்குக் கேன்சர் இருக்காது. ஆனா சும்மா விட்டா ஆகலாம். ரத்தம் வேற படுது, அதனால உடனே பாக்கணும். லென்ஸ் வெச்சுப் பாத்து, சந்தேகமான இடத்துல துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. கொஞ்சம் வலிக்கும்."

"இத்தினி நல்லா சொல்லத் தெரியுதே, எழுதும்போது யாரு கையப் புடிச்சா?"

"நாளைக்கே வந்துடுங்க." பாமா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கி லீவு கேட்டா மேஸ்திரி கத்துவான்."

"நான் பேசறேன்."

"வேணாம், நீ பேசினா பயப்பட ஒண்ணுமில்லைம்ப. நானே பேசிக்கிறேன்."

மறுநாள் ஜானகி வந்தாள். துளி சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் பாமா பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ரூபினி தடுத்தாள். "இதுக்கு லெட்டர் கெடையாது. வரச்சொல்லு, நேர்ல சொல்லணும்." ஆரம்பக் கட்டப் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்யலாம்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா, டாக்டர்?"

"அன்னைக்கே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்." ரூபினி பேனாவை மூடினாள். "கையெழுத்து என்னோடதுதான், பாமா."

அது ஆறுதலாக இல்லை.

ரூபினி நேரில் சொன்னதை ஜானகி அழாமல் கேட்டாள். போகும்போது பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "சுவத்துல ஆணி மட்டும் இருக்கு. நல்லா ஆயிட்டேன்னா வேற எழுதிக் குடு."

அன்று மாலைக்குள் பாமா கடிதத்தைத் திருத்தினாள்: 'உங்கள் பரிசோதனையில் மாற்றம் தெரிகிறது. அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் வர வேண்டும். இதற்குப் புற்றுநோய் என்று பொருள் அல்ல, பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதில்லை. வராமல் விட்டால்தான் ஆபத்து.' கீழே வரவேண்டிய தேதி, ஜானகிக்கு வந்தது போன்ற அறிகுறிகள், தன் போன் எண். பிறகு பழைய கடிதம் போன மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். லெட்டர் வந்ததா என்று கேட்கவில்லை. அதில் என்ன புரிந்தது என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்ததும் பழையதைக் கிழித்துப்போட எடுத்தாள். லேமினேஷன் கிழியவில்லை.