நூற்பட்டியலில் அக்காவின் குறிப்பு

என் அக்காவும் நானும் ஒரே இயற்பியல் ஆய்வக வகுப்பில் படிக்கிறோம் என்றால் எல்லாரும் இரட்டையரா என்று கேட்பார்கள். இல்லை. அவள் மூத்தவள். போன வருஷம் இந்த ஒரு ஆய்வகத்தில் மட்டும் கோட்டை விட்டவள். மற்ற எல்லாப் பாடமும் முடித்துவிட்டாள். ஒரு கம்பெனி வேலையும் கொடுத்து, பட்டச் சான்றிதழைக் கொண்டு வா என்று காத்துக்கொண்டிருந்தது. ஆய்வக அறிக்கை தேறினால்தான் சான்றிதழ். ஆகவே அவள் என் பக்கத்து பெஞ்சில், ஆய்வகக் கூட்டாளியாக, வீட்டில் போலவே என்னை மிரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைத் தோற்கடித்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடைசிப்பக்கம். காரணம், அந்தப் பேராசிரியர் எந்த அறிக்கையையும் பின்னாலிருந்துதான் திறப்பார். நூற்பட்டியலில் தன் பழைய கட்டுரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் வருவார். இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால் அன்றைக்கு யாருக்கும் நல்ல நாள் இல்லை. அதனால் ஒளியியலோ வெப்பமோ எந்தச் சோதனையாக இருந்தாலும் எல்லாரும் அந்தக் கட்டுரையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவார்கள்.

போன வருஷம் அக்கா அதையும் சேர்த்திருந்தாள். ஆனால் வாசகத்தில் சுட்டும் சமன்பாட்டு எண்களைக் கையால் தட்டியிருந்தாள். கடைசி நேரத்தில் நடுவில் ஒரு சமன்பாட்டைச் செருக, நாங்கள் தட்டச்சு செய்யும் லேடெக் மென்பொருள் தன் வேலையைச் சரியாகப் பார்த்து மற்றவற்றின் எண்ணை ஒவ்வொன்று தள்ளிவிட்டது. கையால் தட்டியவை நகருமா? அறிக்கை முழுக்கத் தப்பான சமன்பாட்டைச் சுட்டியது. “என்ன எழுதியிருக்கோம்னு உனக்கே தெரியல” என்று சொல்லித் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனுஷன் மேல் அவளுக்குத் தீராத கடுப்பு.

இந்த முறை ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் படத்துக்கும், லேடெக்கே எண்ணை நிரப்பிக்கொள்ளும்படி, லேபிள் வைத்தோம். சோதனை எளியது. ஸ்பிரிங்கில் தொங்கும் எடை எண்ணெய்க்குள் ஆடி ஆடி அடங்கும். வீச்சு எப்படிக் குறைகிறது என்று அளந்து எண்ணெயின் தணிப்பு மாறிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கை அக்கா போட்டாள். தட்டச்சும் தலைவலியும் என் பங்கு.

சமர்ப்பிக்கும் நாள் நண்பகலுக்குக் கெடு. காலையில் கணினி அறையில் உட்கார்ந்து பார்த்தால், வாசகத்தில் “படம் 3.2-ஐப் பார்க்க” என்று வந்திருந்தது. எங்களிடம் இருந்ததே இரண்டு படம்.

“டேய், மூணு புள்ளி ரெண்டு எங்கடா? யார் வீட்டுப் படம் அது?” என்றாள் அக்கா.

“இரு, கத்தாதே.”

லேடெக் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை மாதிரி ஓடி முடிந்திருந்தது. வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. கோப்பில் படத்தின் லேபிளை, அதன் தலைப்பு வரியான கேப்ஷனுக்கு மேலே வைத்திருந்தேன். படத்துக்கு எண் கொடுப்பது கேப்ஷன்தான். அதற்கு முன்னால் லேபிள் வைத்தால், பாவம், அது கையில் அகப்பட்ட எண்ணை, அதாவது உட்பிரிவு எண்ணை, எடுத்துக்கொள்ளும். லேபிளைக் கீழே இறக்கினேன். லேடெக் ஓட்டி, நூற்பட்டியலைத் தயாரிக்கும் பிப்டெக் ஓட்டி, மறுபடி இரண்டு தடவை லேடெக் ஓட்டினேன். எண் வராத இடங்களில் நின்ற கேள்விக்குறிகள் எல்லாம் ஒழிந்தன. மேற்கோள் அடைப்புகளுக்குள் எண்கள் வந்து உட்கார்ந்தன. அப்பாடா என்று துறையின் இணையதளத்தில் ஏற்றிவிட்டோம்.

ஏற்றிய பிறகுதான் அக்கா, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல, பக்கம் பக்கமாக ரசித்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

விஷயம் இதுதான். அவள் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையைப் பற்றியும் தன் அபிப்பிராயத்தை நூற்பட்டியல் கோப்பில், அந்தக் கட்டுரைக்கான பதிவிலேயே, நோட் என்ற புலத்தில் எழுதி வைப்பாள். பட்டியல் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் பாணிக் கோப்பைத் துறைதான் கொடுக்கும்; பழைய கோப்பு நோட்டை அச்சிடாது. அது தனக்கு மட்டும் தெரியும் இடம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இந்தப் பருவத்தில் துறை அதை மாற்றி, எல்லாரும் பயன்படுத்தும் வழக்கமான பாணியைக் கொடுத்திருந்தது. அது நோட்டை அப்படியே அச்சிடும்.

நான்காவது பதிவில் பேராசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு. அதையடுத்து, அழகான எழுத்துருவில்: “படிக்காதே, நேர விரயம். ஆனால் சேர்க்காவிட்டால் மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். சமன்பாடு 4-ல் ஒரு 2 காணோம், அட்டவணை முழுக்கப் பாதி.”

“அழிடா! உடனே அழி!”

அவசரமாகத் தளத்தைத் திறந்தேன். “மதிப்பீட்டில் உள்ளது” என்று காட்டியது. மாற்ற முடியாது. அவர் ஏற்கெனவே திறந்துவிட்டார். எந்தப் பக்கத்திலிருந்து திறந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “போச்சு. வேலையும் போச்சு, எல்லாம் போச்சு” என்றாள். வாய்த்துடுக்குக்காரிதான், ஆனால் ஒரு வருஷமாக இந்த ஒரு தாளுக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரம் முடியுமுன் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறையில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது, இருவரும் நின்றோம். கணினித் திரையில் எங்கள் நூற்பட்டியல். மேஜையில் அவருடைய கட்டுரை, ஓரம் மஞ்சளாகிப்போன பிரதி.

“இது யார் எழுதினது?”

“நான்தான் சார்” என்றாள் அக்கா. நான் சொல்ல வாயெடுத்தேன், காலை மிதித்தாள்.

“படிக்காதேன்னு எழுதியிருக்கே. நீ படிச்சியா?”

“ரெண்டு தடவை சார்.”

“அந்த ரெண்டு எங்க காணாம போச்சு? சொல்லு.”

“வீச்சோட வாய்ப்பாட்டுல கீழே 2m வரணும் சார். நீங்க வெறும் m போட்டிருக்கீங்க. அது ஆற்றலுக்கு. ஆனா நீங்க அளந்தது வீச்சு.” பிறகு கையை நீட்டி எங்கள் அறிக்கையில் “சமன்பாடு 3” என்ற சுட்டியைத் தட்டினாள். திரை தாவிச் சரியான சமன்பாட்டில் நின்றது. அங்கிருந்து படம் 2. அதுவும் சரியாகத் தாவியது. “இந்தக் கோட்டோட சரிவை 2m-ஆல பெருக்கினா எங்க விடை. உங்க அட்டவணை அதுல பாதி.”

அவர் ஒரு பேனாவை எடுத்துத் தன் கட்டுரையின் ஓரத்தில் கணக்குப் போட்டார். அடித்தார். மறுபடி போட்டார். பேனாவை மூடினார்.

“எத்தனை ரிப்போர்ட்டுல என் பேர் வந்திருக்கு, தெரியுமா? வருஷா வருஷம், எல்லாப் பசங்களும். நான் சந்தோஷப்பட்டுக்கிட்டே இருந்தேன்.” அவர் எங்களைப் பார்க்காமல் அந்த மஞ்சள் தாளையே பார்த்தார். “ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்ல. அப்போ ஒருத்தர்கூடப் படிச்சதில்ல.”

அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் உண்மையாகவே பரிதாபமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தளத்தில் எதையோ அழுத்தினார். “தேர்ச்சி போட்டாச்சு. திருத்தத்துக்குத் திறந்து விட்டிருக்கேன். துறைக் களஞ்சியத்துக்குப் போகுமுன்னாடி அந்த நோட்டை மாத்திடு.”

“மொத்தமா எடுத்துடறேன் சார்” என்றாள் அக்கா அவசரமாக.

“முதல் ரெண்டு வரியை எடு. மூணாவது வரி இருக்கட்டும்.”

“சார்?”

“தப்பு தப்புதானே. பார்க்காம அந்த அட்டவணையை எடுத்து எழுதுறவங்களுக்காவது தெரியட்டும். போங்க, எனக்கு வேலை இருக்கு.”

படிக்கட்டில் இறங்கும்போது அக்கா பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தேறிவிட்டாய், வேலை கிடைத்துவிட்டது, இன்னும் எதற்கு அழுகை என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை முறைத்தாள்.

“போடா. இனிமே அந்த மனுஷனை நான் எப்படிடா திட்டுவேன்?”