இந்தியில் வந்த சலான்

ஃபைஸ் நாலாவது தடவையாக நெற்றியைத் தேய்த்துக்கொண்டதும் ஹஃப்சாவுக்குப் புரிந்துவிட்டது, மனுஷன் எதிலோ மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று.

"என்னங்க, கிளம்பலையா?"

"டோல் கட்டற ஃபாஸ்டேக்ல பணம் போடணும். நாப்பது ரூபாதான் இருக்கு. இப்படியே டோலுக்குப் போனா டபுளாக் கேப்பான்."

"போடுங்களேன்."

அவன் போனை நீட்டினான். திரை முழுவதும் இந்தி.

"ரெண்டு நாள் முன்னாடி பணம் கட்டற ஆப் அப்டேட் ஆச்சு. எந்த பாஷை வேணும்னு கேட்டுச்சு. அவசரத்துல மேலே இருந்தத அமுக்கித் தொலைச்சிட்டேன்."

ஹஃப்சாவுக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கிற நேரமில்லை. உம்ரா யாத்திரை முடித்து, அவள் அம்மி என்று கூப்பிடும் அம்மா மெஹ்ருன்னிசா நாலு மணிக்குச் சென்னையில் இறங்குகிறார். இன்று பௌர்ணமி வேறு. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நகராது.

ஆனால் ஹஃப்சாவின் கவலை டோலும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. நிக்காஹ் பேச்சின்போது அம்மி சொன்னது இன்னும் காதிலேயே நின்றது: "உருது ஒரு வார்த்தை வராது, டாக்ஸி ஓட்டறான். உனக்குப் புடிச்சிருக்கா, கட்டிக்கோ. அவன் வண்டியில நான் ஏற மாட்டேன்." ஆறு மாதமாகச் சொன்ன சொல் மாறவில்லை. விமான நிலைய வாசலில், நாலு பேர் பார்க்க, அம்மி வேறு வண்டி பிடித்துவிட்டால் ஃபைஸின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"குடுங்க இப்படி" என்று போனை வாங்கினாள். அவளுக்கும் இந்தி எழுத்து தெரியாது. ஆனால் உருது பேசும் வீட்டில் பிறந்தவள். காதில் விழுந்தால் பாதிக்கு மேல் புரியும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதியை போனில் போட்டுவிட்டாள். தொட்ட இடத்தையெல்லாம் ஒரு பெண் குரல் நிதானமாக வாசித்தது.

"அட! இது பேசுமா?" என்றான் ஃபைஸ்.

"பேசும். நீங்கதான் ரெண்டு நாளா அதுகிட்டயும் பேசல, எங்கிட்டயும் பேசல."

குரல் சொல்லச் சொல்ல அவள் விரல் நகர்ந்தது. டேக் கொடுத்த வங்கியைத் தேர்ந்தெடுத்தாள், வண்டி நம்பரை அடித்தாள். அவன் பெயரும் மீதி நாற்பதும் திரையில் வந்தன. பெயரைச் சரிபார்த்து ஆயிரம் போட்டாள். ரகசிய எண்ணை மட்டும் ஃபைஸ் அழுத்தினான். அடுத்த நிமிடம் வங்கியிலிருந்து செய்தி வந்து விழுந்தது.

"முடிஞ்சுது. குடு, கிளம்பலாம்" என்று அவன் அவசரமாகக் கை நீட்டினான்.

அதற்குள் அவள் விரல் பக்கத்துப் பட்டனில் பட்டிருந்தது. "ஜுர்மானா" என்றது குரல்.

"அபராதமா? ஏங்க, நம்ம வண்டிக்கா?"

"அது... ஏதோ டுபாக்கூர் மெசேஜ். விடு."

"மெசேஜ்ல வந்த லிங்க்கைத் தொட்டாத்தான் டுபாக்கூர். இது வண்டி நம்பர வெச்சு அதுவே எடுத்துக் காட்டுது. சீட் பெல்ட், ஆயிரம் ரூபா. போன மாசம், வேலூர்."

"அப்புறம் கட்டிக்கலாம் ஹஃப்சா."

"கட்டலேன்னா நாளைக்கு வண்டிக்கு எஃப்சி எடுக்கப் போறப்ப நிக்கும். நீங்க பெல்ட் போடாம ஓட்டவே மாட்டீங்களே?"

கேட்டுக்கொண்டே அவள் சலான் எண்ணைத் தொட்டாள். காமிரா எடுத்த படம் திறந்தது. படத்துக்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை.

ஃபைஸ் பெல்ட்டோடுதான் இருந்தான். அவன் பக்கத்தில், முன் சீட்டில், பெல்ட் இல்லாமல், கையை ஆட்டி ஏதோ பேசியபடி அம்மி.

ஹஃப்சா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உம்ரா ஊசி போட வேலூர் போகணும்னாங்க" என்றான் ஃபைஸ் தரையைப் பார்த்து. "கூட்டிட்டுப் போக வேண்டிய உங்க மாமுவுக்குக் காய்ச்சல். எனக்கே போன் பண்ணாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பின்னாடி உக்காந்தா வாந்தி வரும்னு முன்னாடி ஏறினாங்க. பெல்ட் போடுங்கன்னா, புர்கா கசங்குதுன்னு திட்டு."

"எங்க அம்மியா?"

"திரும்பி வர்றப்ப தூங்கிட்டே வந்தாங்க. இறங்கறப்போ, 'நல்லாத்தான் ஓட்டறே'ன்னாங்க."

ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் சத்தமில்லாமல் உருண்டு போனது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் முந்தானை நனைந்தது.

"அதுக்குத்தான் ரெண்டு நாளா இந்தியக் காட்டாம ஒளிச்சு வெச்சீங்களா?"

"ஆமா. நீ பார்த்தா சலானும் வரும், படமும் வரும்."

அபராதத்தைக் கட்டி ரசீதைச் சேமித்தாள். பிறகு திரையின் ஓரத்தில் இருந்த சின்னத்தைத் தொட்டாள். "பாஷா" என்றது குரல். அடுத்த தொடலில் திரை முழுவதும் தமிழ்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே!" என்றான் ஃபைஸ்.

"செஞ்சிருந்தா நீங்களே கட்டியிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "வர்றப்ப நான் பின்னாடி உக்காந்துக்கறேன். அம்மி முன்னாடி வரட்டும். பெல்ட்ட மட்டும் நான் போட்டு விடறேன். இன்னொரு ஆயிரம் நம்மால ஆகாது."