மணல்திட்டில் அறுபது ஆடுகள்

அணையின் கட்டுப்பாட்டு அறைக்குப் புருல்கான் மாலை வேலைக்கு வந்தபோது நான்கு சுழலிகளும் முழுத் திறனில் ஓடின. வெளியே கடும் உறைபனி. கோடையில் பனிமலைகள் உருகி வந்த தண்ணீரைத் தேக்கிவைத்து, குளிரில் ஊர்களெல்லாம் மின்கணப்பைப் போடும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். அதனால் அணைக்குக் கீழே நாரின் ஆறு தலைகீழாகிவிட்டது. கோடையில் ஒடுங்கியது, குளிரில் பெருகியது. தேக்கத்தின் அடியாழத்துத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்ந்திருப்பதில்லை. பழைய நாளைப் போல ஆறு கெட்டியாக உறையவும் இல்லை.

கைபேசி அடித்தது. கீழ்க்கரையில் ஆடு மேய்க்கும் அவள் அண்ணன் தெமிர்குல்.

"மத்தியானம் கணுக்கால் தண்ணிதான் இருந்துச்சு. மந்தையை ஆத்து நடுத் திட்டுல மேய விட்டேன். இப்ப முழங்காலுக்கு மேல ஓடுது. கொஞ்சம் நிறுத்தேன்."

"குழாயா அது, திருகி நிறுத்த? இரு, கேக்கறேன்."

தலைநகரில் மின்சாரத்தைப் பங்கிடும் அதிகாரி பக்திபெக்கை அழைத்து, அண்ணன் மந்தை மாட்டியதைச் சொல்லி, ஒரு சுழலியைக் குறைக்கக் கேட்டாள்.

"இந்த நேரத்துலயா அக்கா? ஊரே கணப்பைப் போட்டிருக்கு. ஒரு மெஷினைக் குறைச்சா எங்கயாவது இருட்டு பண்ணணும்."

"பண்ணு."

"அணைக்கற வரிசையில உங்க அண்ணன் ஊர் லைன்தான் முதல்ல இருக்கு."

"சரி."

ஒரு சுழலிக்குத் தண்ணீர் விடும் தகடுகளை மெல்ல மூடச் சொன்னாள். சட்டென்று மூடினால் ஓடிவரும் தண்ணீர் முட்டி, சுழலிக்கு வரும் குழாயையே உடைத்துவிடும். பிறகு அண்ணனை அழைத்தாள்.

"குறைச்சாச்சு. ஆனா நீ இறங்காதே. ஏற்கெனவே விட்ட தண்ணி இன்னும் வழியிலதான் இருக்கு. முதல்ல ஏறும், அப்புறம்தான் இறங்கும்."

"ஏறுமா? குறைச்சேன்னு சொல்றே, ஏறும்னு சொல்றே. குதிரையில போய் ஓட்டிட்டு வந்துடறேன்."

"போனா குதிரையும் போயிடும், நீயும் போயிடுவே. ஒரு மணி நேரம் கரையில நில்லு அண்ணே."

அவன் திட்டிக்கொண்டே நின்றான். தண்ணீர் ஏறியது. திட்டு சுருங்கியது, ஓரத்தில் நின்ற ஆடுகள் ஒவ்வொன்றாய் அடித்துச் செல்லப்பட்டன. சேணத்தைப் பிடித்தபடி பார்த்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. பின்னால் அவன் ஊரில் விளக்குகள் ஏற்கெனவே அணைந்திருந்தன.

பிறகு கரையோரக் கல்லில் ஈரத்தடம் தெரிந்தது. தண்ணீர் அதைவிட்டுக் கீழிறங்கியிருந்தது. இன்னும் சற்று நேரம் பொறுத்து, குதிரையை இறக்கி, மீந்தவற்றை ஓட்டிக் கரையேற்றினான்.

"எத்தனை போச்சு?" என்று புருல்கான் கைபேசியில் கேட்டாள்.

"ஒன்பது. கரண்டும் போச்சு. அண்ணி மெழுகுவத்தியைத் தேடிக்கிட்டு உன்னைத் திட்டறா."

"நல்லாத் திட்டட்டும். கரையை விட்டு மேல போயிட்டியா?"

"போயிட்டேன்."

அவள் பக்திபெக்கிடம் சொன்னாள். சுழலியின் தகடுகள் மீண்டும் திறந்தன.