குக்கருக்கு ஒரு டின்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் வாய் திறக்கும். அன்றைக்கு மூர்த்தி இலையில் விழுந்த சோற்றை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சோறா கஞ்சியா? முன்னாடியே சொன்னா கரண்டி கேட்டிருப்பேன்ல?" என்றபோது இரண்டும் ஒன்றாக நடந்தன.

"பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போ லா!" என்று கத்திவிட்டேன்.

மூர்த்தி அன்னாசி லாரி ஓட்டுகிறவன். எங்கள் பெக்கான் நானாஸ் ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் சாப்பாட்டுக் கடை திறந்த நாளிலிருந்து அவனுக்கு மதியச் சாப்பாடு எங்களிடம்தான். அவன் எழுந்து போகவில்லை. நிறைய ரசம் ஊற்றச் சொன்னான், மொத்தத்தையும் வழித்துக் குடித்தான், காசை வைத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டான். திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

நாங்கள் என்றால் நானும் ஷாமளாவும். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் பம்புக்கு உள்ளே வைக்கிற சின்னச் சின்ன வால்வுகளைச் சோதித்து அனுப்புகிற லைனில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். கோழி கூவுமுன் பஸ் ஏறி, சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்று, இருட்டியபின் வீடு திரும்புகிற பிழைப்பு போதுமடா சாமி என்று சேர்ந்தே வேலையை விட்டோம். குழம்பும் கறியும் அவள் பொறுப்பு. சோறும் கல்லாவும் வாய்ச்சண்டையும் என் பொறுப்பு.

வம்பு ஆரம்பித்தது பழைய எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் புகைந்து செத்தபோது. ரிப்பேருக்குக் கொடுப்போம் என்றாள் ஷாமளா. நான் கேட்கவில்லை. நேரே ஜொகூர் பாருவுக்குப் போய், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, குளிப்பாட்ட ஒரு குழந்தையையே உட்கார வைக்கலாம் போன்ற பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "அரை மணி நேரச் சோறு இனிமே கண்ண மூடித் தொறக்குற நேரத்துல ரெடி" என்று அவளிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

தண்ணீர் வைக்க எனக்கு விரல் போதும். அரிசியின் மேல் விரல் நுனியை வைத்து முதல் கணு வரை தண்ணீர். என் அம்மா அப்படித்தான், மாமியார் அப்படித்தான், எதிர்க்கடை மலாய் அக்காவும் அப்படித்தான். பழைய குக்கரில் அந்த விரல் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. புதிய குக்கரில் முதல் நாளே குழைந்தது. இரண்டாம் நாளும் குழைந்தது. அப்போதுதான் மூர்த்தி கரண்டி கேட்டான்.

அன்று சாயங்காலம் சட்டி கழுவும்போது ஷாமளா தலை நிமிராமல் சொன்னாள்.

"பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டாங்க. நம்ம லைன்ல ஒரு எடம் இருக்காம். சனிக்கிழமை மத்தியானம் போன் பண்ணுவாங்க, அப்ப பதில் சொல்லணும்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா இங்க சாப்பிட வர்ற ஆளு கொறையுது கிறிஸ். நான் ஒண்ணு சொன்னா நீ காதுலயும் வாங்க மாட்டேங்கிற. எனக்கு என்ன தோணும் சொல்லு."

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. என் வாய் இருக்கிறதே, அது சரியான நேரத்தில் வேறு பாதையில் போகும். "போறதுன்னா போ, நான் என்ன கையக் கட்டியா வச்சிருக்கேன்?" என்றேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் என் கணவர் திமோத்தி தட்டைப் பார்த்தார். "இன்னிக்கும் கஞ்சியா? எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றார். தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனேன். விரல் வேண்டாம், அளந்தே பார்ப்போம் என்று ரோஷம் வந்தது. எங்கள் வீட்டுச் சின்னக் குக்கரில், காலிப் பால் டின்னால் ஒரு டின் அரிசி, ஒன்றரை டின் தண்ணீர், மூன்று விசில். திறந்தால் மல்லிகை உதிர்ந்த மாதிரிச் சோறு. திமோத்தி அந்த ஒரு டின்னையும் வெறும் ஊறுகாயோடு தின்று தீர்த்தார்.

கணக்கு கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். வெள்ளிக்கிழமை அதை ஷாமளாவிடமும் சொல்லிவிட்டு, கடையில் பத்து டின் அரிசிக்குப் பதினைந்து டின் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுக்கு ஒன்றரை என்றால் பத்துக்குப் பதினைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மூடியைத் திறந்தேன். அலமாக்! கரண்டியை நட்டால் மெல்லச் சாய்ந்து விழுகிறது. மூர்த்தி வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்து, எதிர்க்கடைக்கு மீ நூடுல்ஸ் சாப்பிடப் போனான்.

"அரிசி புதுசு, அதான்" என்றேன் ஷாமளாவிடம். "இல்லன்னா நீ ஊற வச்சுட்ட."

"நான் ஊற வைக்கவே இல்ல. புது அரிசி கொஞ்சம் கொழையும், சரி. நேத்து உன் வீட்டுல வடிச்சது எந்த மூட்டை அரிசி?"

இதே மூட்டைதான்.

"குக்கரக் குத்தம் சொல்ல மாட்ட, நீதான வாங்குன. விரலக் குத்தம் சொல்ல மாட்ட, அது உங்கம்மா விரல். மிச்சம் யாரு? நான்தான்!" ஷாமளா கரண்டியைத் தட்டென்று வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக் குக்கரையே முறைத்தாள். "லைன்ல ஒரு பீஸு கெட்டா என்ன பண்ணுவோம்? பக்கத்து ஸ்டூல்காரியத் திட்டுவோமா? ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்போம். அரிசியக் கழட்டு."

"என்னது?"

"அரிசிய எடுத்துரு. வெறும் தண்ணிய வச்சுப் பாப்போம், எவ்வளவு போகுதுன்னு."

கடைசி வாடிக்கையாளர் போனதும் அதைச் செய்தோம். பெரிய குக்கரில் பதினோரு டின் தண்ணீர், மூன்று விசில், அடுப்பை அணைத்து, பிரஷர் தானாக இறங்கி, ஆறின பிறகு திருப்பி அளந்தோம். பத்து டின்னுக்கு மேலேயே இருந்தது. ஒரு முழு டின்கூடக் குறையவில்லை.

அடுத்து அதே பதினோரு டின்னைப் பழைய அலுமினியச் சட்டியில் ஊற்றி, தட்டை அரைகுறையாக மூடி, பழைய குக்கருக்கு ஆகிற அரை மணி நேரம் கொதிக்கவிட்டோம். கடை முழுக்க ஆவி. அளந்தால் மூன்று டின்னுக்கு மேல் ஆவியாய்ப் போயிருந்தது.

"பாத்தியா?" என்றாள் ஷாமளா. "பழைய குக்கர்ல ஓட்டை வழியா அரை மணி நேரம் ஆவி போகும். உன் விரல் அதுக்கும் சேத்துத்தான் தண்ணி வச்சிருக்கு. இது வாயக் கட்டுன குக்கர். விசிலுக்குக் கொஞ்சம் விடும், அவ்வளவுதான். இதுல வாய் வேற எவ்வளவு அகலம்! ஒரு கணுன்னா எத்தன டின்னு தண்ணி ஆகும்!"

"சரி, விரல விடு. அளந்து ஊத்துனது ஏன் கொழஞ்சுது?"

"உன் வீட்டுக் குக்கரையும் வச்சுப் பாப்போம்" என்றாள். திமோத்திக்குப் போன் போட்டு வீட்டுச் சின்னக் குக்கரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒன்றரை டின் தண்ணீர், மூன்று விசில், ஆறவிட்டு அளந்தோம். கிட்டத்தட்ட அரை டின் குறைந்திருந்தது.

நான் இரண்டு குக்கரையும் மாறி மாறிப் பார்த்தேன். சின்னதில் அரை டின். பெரியதில் ஒரு டின்னுக்குச் சற்றுக் குறைவு. அரிசி பத்து மடங்கு ஆனாலும் ஆவி பத்து மடங்கு ஆகவில்லை! அது அரிசியின் கணக்கே இல்லை, பாத்திரத்தின் கணக்கு.

"ஷாமளா! அரிசி குடிக்கிறது டின்னுக்கு டின்னுதான்டி! சின்னக் குக்கர்ல அந்த மிச்ச அரை டின்ன குக்கர் குடிச்சுது. நான் இங்க ஒவ்வொரு டின் அரிசிக்கும் குக்கருக்கு அரை டின் ஊத்திருக்கேன். அஞ்சு டின்னு! இது ஒண்ணுகூடக் குடிக்கல!"

"மிச்சம் நாலு எங்க போகும்? வெளிய போக வழியில்ல. அரிசிக்குள்ளயே போயி, அது வீங்கி வெடிச்சுருச்சு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் சூப்பர்வைசர் ஞாபகம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை பத்து டின் அரிசியைக் கழுவி, வடிதட்டில் சொட்டு நிற்கும் வரை வைத்தேன். அரிசியோடு ஒட்டி உள்ளே போகிற தண்ணீரும் தண்ணீர்தானே. அரிசிக்குப் பத்து டின், குக்கருக்கு ஒரு டின், மொத்தம் பதினொன்று. பழக்கதோஷத்தில் விரலை நீட்டினேன். ஷாமளா கையில் ஒரு அடி போட்டாள்.

மூன்று விசில் வந்தது. அடுப்பை அணைத்தேன். வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பிடுங்கவில்லை. முன்பு போல மதியம் வரை மூடி வைப்பதும் இல்லை என்று முடிவு செய்திருந்தோம், வைத்தால் சோறு சூட்டிலேயே இன்னும் வெந்துகொண்டிருக்கும். பிரஷர் இறங்கியதும் திறக்க வேண்டும். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சோறு எப்படி வந்தாலும் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நன்றாக வந்த பிறகு சொன்னால் சோற்றுக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"போகாதடி" என்றேன். "இது கொழஞ்சாலும் போகாத. நீ இல்லாம எனக்கு இந்தக் கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். குக்கர் வாங்குறப்ப உன்னக் கேட்டிருக்கணும்."

ஷாமளா என்னைப் பார்க்கவில்லை. "இதச் சொல்ல உனக்கு ஒரு மூட்டை அரிசி செலவாச்சு" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

ஆவி விலகியது. கரண்டியை ஓரமாக விட்டுக் கிளறினேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் சோறு உதிர்ந்தது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன், நடுவில் வேகாத கல் இல்லை. ஷாமளா வாசலுக்கு ஓடி, எதிர்க்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த மூர்த்தியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

அவன் பயந்துகொண்டே இலையில் கை வைத்தான். குழம்பை ஊற்றிப் பிசைந்தான். ஒரு வாய், இன்னொரு வாய். "கரண்டி வேணாம்க்கா" என்றான் வாய் நிறையச் சோற்றோடு. "இன்னும் சோறு போடுங்க."

ஷாமளா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கல்லா மேல் இருந்த அவள் போன் அடித்தது. சிங்கப்பூர் நம்பர். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, சோற்றுக் கரண்டியை விடாமலே சொன்னாள்.

"நீ எடு. பேச உனக்குச் சொல்லியா கொடுக்கணும்?"

எடுத்தேன். அந்தப் பக்கம் பழைய குரல் ஷாமளா எங்கே என்று கேட்டது.

"அவங்க வர மாட்டாங்க மேடம்" என்றேன். "சோறு போட்டுக்கிட்டு இருக்காங்க." அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. காது மட்டும் சிவந்து சுட்டது. கோபமே இல்லாமல் அது சிவந்தது அன்றைக்குத்தான்.